நிறுவனங்கள் வாங்க ஏன் இத்தனை மாதம்? கொள்முதல் மையமும் அதில் இருப்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்முதல் மையம் என்றால் கொள்முதல் துறைதானே?

இல்லை. நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தில் தேடினால் அப்படி ஒரு பெட்டியே இருக்காது. ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்கும் விஷயத்தில் ஏதாவது ஒரு வகையில் கை வைக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் கொள்முதல் மையம். கொள்முதல் துறை அதில் ஓர் அங்கம், அவ்வளவுதான். பொருள் வந்து இறங்கியதும் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த பொருளுக்கு வேறு ஆட்களோடு இன்னொரு கூட்டம் சேரும். கம்ப்ரஸர் வாங்கும்போது வாயே திறக்காதவர், மென்பொருள் வாங்கும்போது எல்லோரையும் நிறுத்தி வைப்பார்.

1972-ல் சந்தைப்படுத்தல் பேராசிரியர்களான பிரெடெரிக் வெப்ஸ்டரும் யோரம் விண்டும் இதை ஐந்து பாத்திரங்களாகப் பிரித்தார்கள்: பயன்படுத்துபவர், செல்வாக்குச் செலுத்துபவர், வாங்குபவர், முடிவெடுப்பவர், வாயில்காப்பாளர். பத்து ஆண்டு கழித்துத் தாமஸ் பொனோமா இதே விஷயத்தை எழுதியபோது, தேவையை முதலில் கிளப்புகிற தொடங்குபவரையும் சேர்த்து ஆறாக்கினார். இன்றும் பாடத்திலும் களத்திலும் புழங்குவது இந்த ஆறுதான்.

அந்த ஆறு பேரையும் ஓர் உதாரணத்தில் காட்ட முடியுமா?

ஆறு பேர் என்று எண்ணக் கூடாது, ஆறு வேலைகள். ஒருவரே மூன்றைப் பார்க்கலாம், ஒரு வேலையை ஐந்து பேர் பங்கிட்டும் கொள்ளலாம்.

நடுத்தர அளவிலான ஒரு பேக்கிங் தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். காலை ஷிஃப்ட் தொடங்கியதும் காற்றழுத்தம் 7 பாரிலிருந்து 6-க்குக் கீழே இறங்குகிறது. இயந்திரங்களின் சிலிண்டர்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் புகார் எழுதுகிறார். தொடங்குபவர் அவர்தான், ஆனால் புதிய கம்ப்ரஸர் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "காற்று போதவில்லை" என்றுதான் சொல்கிறார். இந்த வேறுபாடு முக்கியம். தொடங்குபவர் கொண்டுவருவது பிரச்சினையை, பொருளை அல்ல.

பராமரிப்புப் பொறியாளர் பயன்படுத்துபவர். இயந்திரம் இரவு இரண்டு மணிக்கு நின்றால் தூக்கம் கலைவது அவருக்கு. செல்வாக்குச் செலுத்துபவர்கள் பலர். எண்ணெய் கலக்காத காற்று வேண்டும், அது ஐஎஸ்ஓ 8573-1 தரத்தில் எந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்று சொல்கிற தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர். டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிற மின் பொறியாளர் இன்னொருவர். மின்சாரக் கணக்கை முன்வைக்கிற எரிசக்தி மேலாளர், இரைச்சல் அளவைக் கேட்கிற பாதுகாப்பு அதிகாரி என்று வரிசை நீளும்.

வாங்குபவர் என்பது கொள்முதல் அதிகாரி. விசாரணைக் கடிதம் அனுப்புவது, கொட்டேஷன் வாங்குவது, பேரம் பேசுவது, பர்சேஸ் ஆர்டர் போடுவது எல்லாம் அவர் கை வழியாக நடக்கும். முடிவெடுப்பவர் யார் என்பதை, தொகை எவ்வளவு, யாருக்கு எதுவரை அதிகாரம் என்கிற பட்டியல் சொல்லும். குறிப்பிட்ட தொகை வரை ஆலை மேலாளர், அதற்கு மேல் நிர்வாகக் குழு. தகவல் யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக் கூடாது என்பதைக் கையில் வைத்திருப்பவர் வாயில்காப்பாளர்.

வாயில்காப்பாளர் என்றால் வரவேற்பறையில் இருப்பவரா?

அவரும்தான், ஆனால் அவர் மிகச் சிறிய வாயில். பெரிய வாயில் பெரும்பாலும் கொள்முதல் அலுவலகத்திலேயே இருக்கும். யாரையெல்லாம் விலை கேட்பது என்கிற பட்டியலைத் தயாரிப்பவர் அங்கே இருக்கிறார். அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உங்கள் இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேச்சுக்கே வராது. விவரக்குறிப்பை எழுதும் பொறியாளரும் தெரியாமலேயே வாயில்காப்பாளர் ஆகிவிடுவார். "கட்டாயம் காற்றுக் குளிர்விப்பு" என்று ஒரு வரி எழுதினால் தண்ணீரில் குளிரும் மாடல்கள் அத்தனையும் அந்த வரியோடு வெளியே போய்விடும்.

விற்பனையாளர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். கொள்முதல் அதிகாரியைத் தாண்டிப் பொறியாளரிடம் நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பொறியாளர் மகிழ்ச்சியாகப் பேசுவார். ஆனால் வணிக நிபந்தனைகள் மேசைக்கு வரும்போது கொள்முதல் அதிகாரி, "இவர்கள் ஏற்கெனவே உள்ளே விலை பேசியிருக்கிறார்கள்" என்று குறிப்பு எழுதினால் போதும், ஆட்டம் மாறிவிடும். பொறியாளரைப் பார்க்க வேண்டும் என்றால் கொள்முதல் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவர் வழியாகவே நேரம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

கடைசிக் கையெழுத்துப் போடுபவர்தானே முடிவெடுப்பவர்?

முறைப்படி ஆம். நடைமுறையில் பல நேரம் அவர் முன்னால் வரும் தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். மூன்று கம்பெனிகளில் இரண்டைத் தொழில்நுட்ப மதிப்பீடு ஏற்கெனவே தள்ளியிருக்கும். அப்படியானால் தேர்வு நடந்தது கையெழுத்துக்கு ஆறு வாரம் முன்னால், வேறு ஒருவர் மேசையில்.

யார் என்று கண்டுபிடிக்க நேரடியான வழி, போன முறை நடந்ததைக் கேட்பது. "யார் முடிவெடுப்பார்?" என்று கேட்டால் எல்லோரும் "நான்தான்" என்பார்கள். "இதே அளவு தொகைக்குப் போன வருடம் வாங்கியது எது? அதை வாங்கித் தரக் கேட்டு இண்டென்ட் போட்டதிலிருந்து ஆர்டர் வரை யார் யார் பார்த்தார்கள்? எங்கே நின்றது?" என்று கேளுங்கள். பெயர்களும் துறைகளும் தானாக வரிசையில் வரும். "எங்கே நின்றது" என்கிற கேள்விதான் அதில் விலைமதிப்பானது. ஆமாம் சொல்லும் அதிகாரம் ஒருவரிடமோ இருவரிடமோதான் இருக்கும். வேண்டாம் சொல்லும் அதிகாரமோ ஏழெட்டுப் பேரிடம் பரவிக் கிடக்கும்.

வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்க ஒரு மாலை போதும். இவர்களுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

ஃபிரிட்ஜ் வாங்கும்போது தேவை, பணம், பயன், பின்னால் வரும் தலைவலி எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. வீட்டிலும் பாத்திரங்கள் உண்டு. கேட்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் தப்பாகிப்போனால் யாருக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனம் மாறினால் கடையிலேயே நின்று மாற்றிக்கொள்ளலாம்.

நிறுவனத்தில் இந்த நான்கும் நான்கு பேரிடம் இருக்கின்றன. பிரச்சினை ஷிஃப்டில், பணம் கணக்குத் துறையில், வேலை பராமரிப்பில், பொறுப்பு ஆலை மேலாளர் தலையில். பணம் யாருடைய சொந்தப் பணமும் அல்ல. அதனால் சரியாக வாங்குவது மட்டும் போதாது. சரியாகத்தான் வாங்கினோம் என்பதை ஒரு வருடம் கழித்து வரும் தணிக்கையாளருக்குத் தாளில் காட்டவும் வேண்டும். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், ஏன் குறைந்த விலையை விட்டோம் என்கிற குறிப்பு இவையெல்லாம் அந்தத் தாளுக்காகவே உருவாகின்றன.

இதிலிருந்து பலர், "ஆட்கள் அதிகம், அதனால் விவாதம் அதிகம், அதனால் தாமதம்" என்று முடிவுகட்டுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. விவாதத்துக்குப் போகும் நேரம் குறைவு. நேரத்தைத் தின்பது ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே கோப்பு காத்துக் கிடப்பது.

அது எப்படி? நேரம் எங்கே போகிறது என்று வாரக் கணக்கில் சொல்ல முடியுமா?

அதே கம்ப்ரஸரை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள வாரங்களும் மணிகளும் ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் இடத்தில் எண்கள் மாறும், வடிவம் பெரிதாக மாறாது.

முதல் மூன்று வாரம் தேவையை உறுதிசெய்வதில் போகிறது. குழாயில் போகும் காற்றை அளக்கும் ஓட்டமானி வாடகைக்கு வர ஒரு வாரம். அதைக் குழாயில் பொருத்தி, விடுமுறை நாளும் சேர்ந்து வரும்படி ஏழு நாள் பதிவெடுக்க ஒரு வாரம். விடுமுறை நாளின் பதிவு எதற்கு என்றால், இயந்திரங்கள் ஓடாதபோதும் காற்று போனால் அது கசிவு. கசிவை அடைத்தாலே சில ஆலைகளில் புதிய கம்ப்ரஸர் தேவைப்படாது. இங்கே அடைத்த பிறகும் உச்சத் தேவை நிமிடத்துக்கு 12 கன மீட்டர் என்று வருகிறது. 75 கிலோவாட் இயந்திரம் வேண்டும். பொறியாளர் இண்டென்ட் எழுத மூன்றாவது வாரம். உண்மையான உழைப்பு 20 மணி.

நான்காவது, ஐந்தாவது வாரங்களில் இது இந்த ஆண்டு மூலதன பட்ஜெட்டில் இருக்கிறதா என்று கணக்குத் துறை பார்க்கிறது. வேலை 4 மணி. ஆறிலிருந்து ஒன்பதாவது வாரம் வரை விசாரணைக் கடிதம், விற்பனையாளர்கள் வந்து இடம் பார்ப்பது, கொட்டேஷன் வருவது. 26 மணி. பத்திலிருந்து பன்னிரண்டு வரை தொழில்நுட்ப மதிப்பீடு, 24 மணி. இந்த 24 மணி வீணல்ல. 75 கிலோவாட் இயந்திரம் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 4,50,000 யூனிட் மின்சாரம் போகும். இயந்திரத்தின் ஆயுளில் வாங்கிய விலையைவிட மின்கட்டணமே பல மடங்கு. அழுத்தத்தை 1 பார் கூட்டி வைத்தால் மின்செலவு ஏறத்தாழ 7 சதவீதம் ஏறும். இதையெல்லாம் அட்டவணையில் போட்டுப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பவர் எதைச் சேமிக்கிறார் என்று தெரியாது.

பதின்மூன்று, பதினான்கில், தொழில்நுட்ப விவரத்திலிருந்து பிரித்துத் தனியாக ஒட்டி வாங்கிய விலை உறையைத் திறந்து பேரம், 12 மணி. பதினைந்திலிருந்து பதினேழு வரை ஒப்பந்த வாசகம் சட்டப் பிரிவுக்குப் போய் வருவதும், புதிய சப்ளையரைப் பதிவு செய்வதும், 16 மணி. பதினெட்டில் நிதிக் குறிப்பு, 6 மணி. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை ஒப்புதல், 2 மணி.

கூட்டினால் 110 மணி. 22 வாரம் என்பது வாரத்துக்கு 40 மணி வீதம் 880 வேலை மணி. எட்டில் ஒரு பங்குதான் வேலை. மீதி ஏழு பங்கில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார், ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், ஒரு கோப்பு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கிறது. ஆர்டருக்குப் பிறகு இயந்திரம் தயாராகி வருவது இதில் சேராது.

கடைசி ஒப்புதலுக்கு மட்டும் 4 வாரமா? அங்கே வேலை 2 மணிதானே?

இங்கே நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் இது அடிக்கடி நடக்கிறது.

ஆலை மேலாளரின் அதிகார எல்லை 100 என்று வைத்துக்கொள்வோம். பேரம் முடிந்த விலை 98. அவரே கையெழுத்திடலாம். பத்தொன்பதாவது வாரமே வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் "60 நாள் செல்லுபடி" என்று இருந்தது. அது ஒன்பதாவது வாரக் கடைசியில் கொடுத்த கொட்டேஷன். 60 நாள் என்பது எட்டரை வாரம். பதினெட்டாவது வாரத்தில் நிதிக் குறிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோதே அது காலாவதியாகிவிட்டது. பேரத்தின்போது விலையைக் குறைத்தார்கள், செல்லுபடித் தேதியை நீட்டிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சப்ளையர் 4 சதவீதம் ஏற்றினார். 98 என்பது 101.92 ஆனது. விலை ஏற்றம் நாலு சதவீதம்தானே என்று பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். ஆனால் 100 என்கிற கோடு தாண்டிவிட்டது. இனி ஆலை மேலாளர் கையெழுத்துச் செல்லாது. நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடும். குறிப்பு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். இந்த மாதக் கூட்டம் தவறிவிட்டது. அடுத்தது இருபத்திரண்டாவது வாரம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும்: நிறுவும் செலவைத் தனி ஆர்டராகப் பிரித்துவிட்டால் 100-க்குள் வந்துவிடுமே என்று. தணிக்கையாளர்கள் முதலில் தேடுவதே இதைத்தான். ஒரே சப்ளையர், அடுத்தடுத்த தேதி, இரண்டும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டும் தொகை என்றால் உடனே கண்ணில் படும். மூன்று வாரம் காத்திருப்பதே மேல்.

எல்லாக் கொள்முதலும் இப்படித்தான் இழுக்குமா?

இல்லை. 1967-ல் ராபின்சன், ஃபாரிஸ், விண்ட் மூவரும் நிறுவனக் கொள்முதலை மூன்றாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. அதே கம்ப்ரஸருக்கு எண்ணெய் ஃபில்டர் மறுபடி வாங்குவது நேரடி மறுகொள்முதல். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் ஆர்டர் போடுவார். கொள்முதல் மையம் என்பது ஒன்றரை ஆள்தான். சப்ளையரையோ விவரக்குறிப்பையோ மாற்றினால் அது திருத்திய மறுகொள்முதல். முன்பு வாங்கியே பழக்கமில்லாத பொருள் என்றால் புதிய பணி. மேலே சொன்ன 22 வாரம் அந்த வகையைச் சேர்ந்தது.

ஏற்கெனவே சப்ளை செய்கிறவருக்கு நேரடி மறுகொள்முதலாகவே நீடிப்பது லாபம். உள்ளே நுழைய நினைக்கும் புதியவருக்கு அதை எப்படியாவது திருத்திய மறுகொள்முதலாக மாற்ற வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டினால் மட்டும் இது நடக்காது. மாற்றினால் வரும் பதிவு வேலை, சோதனை, ஒப்புதல் எல்லாம் வாங்குபவர் தலையில் விழும். அந்தச் சிரமத்துக்கு ஈடாக ஏதாவது இருக்க வேண்டும்.

பயன்படுத்தும் பொறியாளருக்கு எங்கள் பொருள் ரொம்பப் பிடித்துவிட்டது. டெமோவும் நன்றாக முடிந்தது. ஆனாலும் ஆர்டர் வரவில்லை, ஏன்?

பிடித்தவரிடம் பணம் இல்லை என்பதுதான் வழக்கமான காரணம். அவர் உங்களுக்காக உள்ளே வாதாட வேண்டும், ஆனால் அவர் கையில் இருப்பது உங்கள் விளம்பரக் கையேடு. கணக்கு மேலாளர் அவரிடம் கேட்கப்போவது "இது நல்ல இயந்திரமா?" என்று அல்ல. "பழையதைப் பழுதுபார்த்தால் எவ்வளவு? போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? இந்த ஆண்டு வாங்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார்.

அந்தப் பொறியாளர் அப்படியே தன் குறிப்பில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அவருடைய ஆலையின் ஓட்ட மணி, அவருடைய மின்கட்டண வீதம், அவர் எடுத்த அளவீடு ஆகியவற்றோடு இருக்க வேண்டும். நிலையான வேகத்தில் ஓடும் இயந்திரம் காற்று தேவைப்படாத நேரத்திலும் முழுச் சுமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மின்சாரம் இழுக்கும் என்றால், அவருடைய பதிவில் அப்படி எத்தனை மணி இருந்தது என்று காட்டுங்கள். பொதுவான "மின்சாரம் மிச்சமாகும்" என்கிற வரியைக் கணக்குத் துறையில் யாரும் படிப்பதில்லை.

இன்னொரு அறிகுறியையும் கவனியுங்கள். மூன்று சந்திப்பு முடிந்தும் ஒரு புதிய பெயர்கூட உங்களுக்கு அறிமுகமாகவில்லை என்றால், விஷயம் அந்த மேசையைத் தாண்டவில்லை.

எல்லாம் முடிந்து, கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்களே?

அந்த "யாரோ" கடைசியில் வந்தவர் அல்ல. முதலில் கூப்பிட மறந்தவர். கம்ப்ரஸரில் இது பெரும்பாலும் பாதுகாப்பு அதிகாரியாகவோ கட்டடப் பொறியாளராகவோ இருப்பார். கம்ப்ரஸர் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். 75 கிலோவாட் இயந்திரத்தை ஓர் அறையில் வைப்பது, அந்த அறையில் ஏறத்தாழ 75 கிலோவாட் ஹீட்டரை வைப்பது போல. வெளியேற்றக் குழாய் போட இடமில்லை என்றால் கோடையில் இயந்திரம் தானே சூடேறி நிற்கும். காற்றுத் தொட்டி அழுத்தக் கலன் என்பதால் பல நாடுகளில் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் இயக்கவே முடியாது.

இவை எதுவும் விலை திறந்த பிறகு புதிதாக முளைக்கும் விஷயங்கள் அல்ல. விவரக்குறிப்பு வரைவைக் கொட்டேஷன் கேட்கும் முன்பே மின், கட்டடம், பாதுகாப்பு, தரம் நால்வருக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒரு வாரத்தில் எழுத்தில் கருத்து வாங்கினால் இந்த வேண்டாம் அப்போதே வந்துவிடும். அப்போது வந்தால் அது ஒரு வரித் திருத்தம். பதினேழாவது வாரத்தில் வந்தால் மறு டெண்டர்.

எங்களை வெறும் மூன்றாவது கொட்டேஷனுக்காகக் கூப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விசாரணைக் கடிதத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். காற்றின் அளவு "12 முதல் 13 வரை" என்று இருந்தால் தேவையிலிருந்து வந்த எண். "12.64" என்று இருந்தால் யாரோ ஒருவருடைய கேட்லாக்கிலிருந்து வந்தது, நீள அகலமும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். மூன்று நாளில் கொட்டேஷன் வேண்டும் என்பது, இடம் பார்க்க வர வேண்டாம் என்பது, நீங்கள் அனுப்பிய தொழில்நுட்பக் கேள்விக்குப் பதிலே வராதது ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தால் முடிவு வேறு இடத்தில் ஆகிவிட்டது.

அப்போதும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொறியாளரோடு அரை மணி பேசக் கிடைக்குமா என்று ஒருமுறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பக்கக் கொட்டேஷனோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த முறை விவரக்குறிப்பு எழுதும் காலத்தில் போய்ச் சேருங்கள்.

வாங்கும் பக்கத்தில் இருக்கிறோம். 22 வாரத்தைக் குறைக்க முடியுமா?

யாரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லாமலே 14 வாரத்துக்குக் கொண்டுவரலாம். காத்திருப்பைத்தான் வெட்ட வேண்டும்.

ஓட்டமானி பதிவெடுக்கும் மூன்று வாரத்திலேயே பட்ஜெட் சரிபார்ப்பையும் தொடங்கிவிடுங்கள். துல்லிய விலை தேவையில்லை, உத்தேசத் தொகை போதும். இரண்டு வாரம் மிச்சம். ஒப்பந்த வாசகத்தை விசாரணைக் கடிதத்தோடேயே அனுப்பி, மறுப்பு இருந்தால் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். சப்ளையர் பதிவைத் தொழில்நுட்ப மதிப்பீடு நடக்கும்போதே ஓட்டுங்கள். தேறாமல் போகும் ஒரு கம்பெனியையும் பதிவு செய்ய நேரலாம், ஆனால் அது சில மணி நேர வேலை. மிச்சமாவது மூன்று வாரம். செல்லுபடிக் காலம் 120 நாள் என்று விசாரணைக் கடிதத்திலேயே கேளுங்கள். விலையில் சிலர் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்த உதாரணத்தில் குழுவுக்குப் போன மூன்று வாரம் இதனால் தப்பியிருக்கும்.

தொகை எல்லையை ஒட்டி வரும் என்று முன்பே தெரிந்தால், நிர்வாகக் குழுக் கூட்டத் தேதியை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் வெட்ட வேண்டாம். தொழில்நுட்ப உறையை முடித்துக் கையெழுத்திட்ட பிறகே விலை உறை திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திறந்தால் குறைந்த விலை கண்ணில் பட்டுவிடும். அதற்குப் பிறகு நடக்கும் தொழில்நுட்ப மதிப்பீடு அந்த விலைக்கு நியாயம் தேடுவதாகத்தான் முடியும்.

பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனத்திலும் ஆறு பாத்திரமும் இருக்குமா?

இருக்கும், இரண்டு மூன்று தலைகளுக்குள். முதலாளியே முடிவெடுப்பவர், வாங்குபவர், பல நேரம் தொடங்குபவரும்கூட. அங்கே கவனிக்க வேண்டியவர்கள், வெளியே இருந்து செல்வாக்குச் செலுத்தும் கணக்காளரும் பழைய மெக்கானிக்கும். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது.

மென்பொருளும் அரசு டெண்டரும் இதே கதைதானா?

மென்பொருளில் பாத்திரங்கள் அதேதான், வேண்டாம் சொல்லும் இடம் மாறும். தகவல் பாதுகாப்புப் பிரிவின் கேள்விப் பட்டியலும், தரவு எங்கே சேமிக்கப்படும் என்கிற ஒப்பந்தமும் அங்கே நாளைத் தின்னும். அரசுக் கொள்முதலில் காத்திருப்பின் ஒரு பகுதியைச் சட்டமே வைக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அதன் வரம்புக்குள் வரும் திறந்த டெண்டருக்குப் பொதுவாக 40 நாளாவது அவகாசம் கொடுக்க வேண்டும். சில நிலைகளில் குறைக்கலாம், ஆனால் அதிகாரி நினைத்த மாத்திரத்தில் குறைத்துவிட முடியாது.

ஆர்டர் போட்டதோடு கொள்முதல் மையத்தின் வேலை முடிந்ததா?

கொள்முதல் அதிகாரிக்கு அப்படித் தோன்றும். கடைசித் தவணைப் பணம் போக வேண்டும் என்றால் பயன்படுத்துபவரின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். விவரக்குறிப்பு எழுதும்போது அவரை ஒதுக்கி வைத்திருந்தால் அவர் இப்போதுதான் பேசத் தொடங்குவார்: சர்வீஸ் கதவு சுவர்ப் பக்கம் திறக்கிறது, ஃபில்டர் மாற்ற இடமில்லை, கன்ட்ரோலர் பழைய கம்ப்ரஸரோடு பேசவில்லை. ஒவ்வொன்றும் நியாயமான குறைதான். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், பில் மட்டும் மாதக்கணக்கில் கிடக்கும். எதைச் சோதித்தால் ஏற்றுக்கொள்வோம் என்பதை, உதாரணமாக 7 பாரில் 12 கன மீட்டர் காற்று, 72 மணி நேரத் தொடர் ஓட்டம், சர்வீஸ் கதவுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி என்று, பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதி அதில் பொறியாளரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் இந்தச் சண்டைக்கு இடமிருக்காது.